ஐடிஐ முடித்தவர் ஏசி சர்வீஸ் கம்பெனிக்கு எழுதும் மெயில்: எதை முன்னால் வைப்பது?

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல் பக்கம். அரசு ஐடிஐயில் எம்.ஆர்.ஏ.சி. என்ற ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் ட்ரேடு இரண்டு வருடம் படித்து முடித்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஏசி சர்வீஸ் கம்பெனிகளில் அப்ரண்டிஸாகச் சேர மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுத்த ரெஸ்யூமைச் சேர்த்து, "ரெஸ்யூம் இணைத்துள்ளேன், வாய்ப்புத் தாருங்கள்" என்று ஒரு வரி எழுதுகிறேன். ஒருவரும் பதில் போடவில்லை. மார்க் சுமார்தான். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. லீவு நாட்களில் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவருடன் வேலைக்குப் போயிருக்கிறேன். அதற்குச் சர்டிபிகேட் இல்லை என்பதால் ரெஸ்யூமில் போடவில்லை. மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

தம்பி, அந்த மெக்கானிக் அண்ணனுடன் போன வேலைதான் உங்கள் மெயிலின் முதல் பத்தியில் இருக்க வேண்டும். சர்டிபிகேட் இல்லாவிட்டால் பரவாயில்லை. அவருடைய பெயரும் போன் நம்பரும் போதும்.

ஏன் என்று புரிய வேண்டுமானால், சர்வீஸ் கம்பெனி அப்ரண்டிஸை எடுத்து என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையில் சேரும் அப்ரண்டிஸ் ஒரு கூரைக்குள் இருப்பார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்பார், தவறு செய்தாலும் அது உள்ளுக்குள் முடிந்துவிடும். ஏசி சர்வீஸ் பார்க்கும் எங்கள் வேலை அப்படி இல்லை. சேர்ந்த முதல் வாரமே சீனியர் டெக்னீஷியனோடு பைக்கில் ஏற்றி அனுப்பிவிடுவோம். ஒருவர் வீட்டுப் படுக்கையறைக்குள் போய், அவர்கள் கட்டிலுக்கு மேலே இருக்கும் இண்டோர் யூனிட்டைக் கழற்ற வேண்டும். அடுத்து வரும் சர்வீஸ் காலில் மூன்றாவது மாடி வெளிச்சுவரில் அவுட்டோர் தொங்கும். கம்பெனியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு அங்கே நிற்கப் போவது நீங்கள். அதனால் மெயிலைத் திறக்கும் சர்வீஸ் மேனேஜர் தனக்குள் கேட்டுக்கொள்வது நாலைந்து கேள்விகள்தான்: இந்தப் பையன் கருவியைக் கையில் பிடித்திருக்கிறானா? கரண்ட், கேஸ், உயரம் என்றால் பயபக்தி இருக்கிறதா? வாடிக்கையாளர் வீட்டில் ஒழுங்காக நடந்துகொள்வானா? இரண்டாவது மாதமே ஊருக்கு ஓடிவிடாமல் இருப்பானா? சேர்ப்பதற்கான காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறதா? நானும் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன்தான். அப்ரண்டிஸ் மெயில்கள் என் மேஜைக்கு வரும்போது நான் தேடுவதும் இவற்றைத்தான். மார்க் இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும். தேர்ச்சி பெற்றிருக்கிறாரா என்று மட்டும் பார்ப்போம்.

உங்கள் ரெஸ்யூமை நான் பார்க்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சென்டரில் அடித்தது என்றால் ஊகிக்க முடியும். மேலே "குறிக்கோள்" என்று நாலு வரி ஆங்கிலம் இருக்கும், கீழே அப்பா பெயர், பிறந்த தேதி, பொழுதுபோக்கு. நடுவில் "கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர்" என்று இருக்கும். அதே சென்டரில் அடித்த அத்தனை பேருக்கும் அதே வரிகள். அவற்றை வைத்து யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்க முடியாது. எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தில் எதை எழுதுவது? செய்த வேலையை எழுதுங்கள். அதிலும் மூன்று அடுக்காகப் பிரித்து எழுதுங்கள்: தனியாகச் செய்தது, பெரியவர் பக்கத்தில் இருக்கச் செய்தது, பார்த்தது மட்டும். இப்படிப் பிரித்து எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான மெயில்களில் "இன்ஸ்டலேஷன், சர்வீஸ், கேஸ் சார்ஜிங், பிசிபி ரிப்பேர் எல்லாம் தெரியும்" என்று ஒரே மூச்சில் இருக்கும். ஐடிஐ முடித்த கையோடு பிசிபி ரிப்பேர் தெரியும் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு சேர்த்து, உண்மையிலேயே தெரிந்த இன்ஸ்டலேஷனும் நம்பிக்கை இழந்துவிடும். மாறாக, "ஃபில்டர், காயில் வாட்டர் சர்வீஸ் தனியாகச் செய்வேன். ஃபிளேர் போட்டு பைப் இணைப்பதை மெக்கானிக் பார்த்துக்கொண்டிருக்கச் செய்திருக்கிறேன். பிரேசிங் ஐடிஐ பட்டறையில் செய்திருக்கிறேன், சைட்டில் செய்ததில்லை" என்று எழுதினால் படிப்பவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்று உடனே தெரிந்துவிடும். "செய்ததில்லை" என்று எழுதத் தயங்காதீர்கள். அப்ரண்டிஸ் வேலை என்பதே கற்றுக்கொள்ளும் வேலை. எல்லாம் தெரிந்தவருக்கு அது எதற்கு?

கேஸ் சார்ஜிங் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதை மெயிலில் எழுதினால் போனிலோ நேரிலோ முதலில் அதைத்தான் கேட்போம். "கூலிங் குறைவு, கேஸ் போட்டேன்" என்று சொல்லும் பையனிடம் அடுத்த கேள்வி, "கேஸ் எங்கே போச்சு?" ஏசியில் கேஸ் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கைத் தேடி அடைத்து, நைட்ரஜன் போட்டு பிரஷர் நிற்கிறதா என்று பார்த்து, வேக்யூம் எடுத்து, அதற்குப் பிறகு நேம் பிளேட்டில் போட்டிருக்கும் எடைக்குத் தராசு வைத்துப் போடுவதுதான் முறை. கேஜ் மீட்டரைப் பார்த்து உத்தேசமாக டாப்-அப் செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஊரில் பல கடைகளில் அப்படித்தான் நடக்கிறது. அதைப் பார்த்தேன் என்று எழுதலாம், தெரியும் என்று எழுத வேண்டாம். இன்னொன்று, இப்போது வீடுகளுக்கு வரும் புது ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. பழைய ஆர்-22 பிடித்துப் பழகிய கை, சிஸ்டத்தில் கேஸ் இருக்கும்போதே டார்ச்சைப் பற்றவைக்கும் பழக்கம் உள்ள கை, ஆர்-32இல் ஆபத்து. அதனால் "ஆர்-32 தீப்பிடிக்கும் என்பது தெரியும், சிஸ்டத்தைக் காலி செய்யாமல், காற்றோட்டம் பார்க்காமல் டார்ச் பற்றவைக்கக் கூடாது என்று கற்றிருக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால், என்னைப் போன்றவர்கள் அந்த மெயிலை மூட மாட்டார்கள். பாதுகாப்பு பற்றித் தெரியும் என்று பொதுவாக எழுதுவதைவிட இந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

அடுத்தது, ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட்டை எடுத்து முழுதாக எழுதுங்கள். இதுதான் உங்கள் மெயிலின் உயிர். நீங்கள் அண்ணனோடு போன இடங்களில் "இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது" என்ற கம்ப்ளெயிண்ட் கட்டாயம் வந்திருக்கும். சர்வீஸ் கம்பெனிகளுக்கு அடிக்கடி வரும் கால்களில் இதுவும் ஒன்று. அதை வைத்தே பார்க்கலாம்.

தண்ணீர் சொட்டுவதற்குக் காரணம் பல. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைந்தால் காயிலில் ஐஸ் கட்டும், ஆஃப் செய்ததும் அது உருகி வழியும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். ஐஸே இல்லாமல் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பக்கம்தான் கோளாறு: தட்டில் பாசி பிடித்து அடைத்திருக்கும், குழாய் மடங்கியிருக்கும், இல்லையென்றால் சரிவு மாறி நடுவில் மேடாகியிருக்கும். வெளியே குழாயின் நுனியை வாளித் தண்ணீருக்குள் மூழ்கவைத்திருப்பதும் உண்டு. எனவே முதலில் ஐஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஃபில்டர். அப்புறம் ஒரு மக்குத் தண்ணீரைத் தட்டில் மெதுவாக ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை மெயிலில் எப்படி எழுதுவது? பலர் எழுதுவது: "தண்ணீர் லீக் பிரச்சினைகளைச் சரிசெய்யத் தெரியும்." இதனால் ஒன்றும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஒரு வீட்டில் 1.5 டன் ஸ்பிளிட் ஏசியின் இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டியது. காயிலில் ஐஸ் இல்லை, ஃபில்டர் சுத்தமாக இருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வெளியே வரவில்லை. குழாயை ப்ளோயரால் ஊதியதும் பாசி வந்தது. ஆனாலும் தண்ணீர் மெதுவாகத்தான் போனது. பார்த்தால் சுவருக்கு வெளியே குழாய் ஓரிடத்தில் மேடாக இருந்தது. மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் சொன்னபடி கிளாம்ப் மாற்றிச் சரிவு கொடுத்தேன். மறுபடி ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றி, முழுதும் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் பேனலை மாட்டினோம்."

பத்து வரிகூட இல்லை. ஆனால் இதில் எனக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தெரிகிறது. முதல் காரணம் கிடைத்ததும் கிளம்பிவிடாமல், தண்ணீர் மெதுவாகப் போவதைக் கவனித்தது தெரிகிறது. தெரியாத இடத்தில் பெரியவரிடம் காட்டியது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வேலை முடிந்ததா என்று சோதித்த பிறகு மூடியது தெரிகிறது. அந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் வந்துவிடுவதால்தான் அதே வீட்டிலிருந்து மூன்றாம் நாள் மறுபடி கால் வரும். மறு கால் என்பது எங்களுக்கு வருமானம் இல்லாத கால். போன பெட்ரோலும் நேரமும் நஷ்டம், வீட்டுக்காரர் கோபம் தனி. சோதித்துவிட்டு மூடும் பழக்கம் உள்ள பையன் என்று மெயிலிலேயே தெரிந்தால் சும்மா விடுவோமா?

நீங்கள் செய்தது வேறு கம்ப்ளெயிண்ட்டாக இருக்கலாம். அவுட்டோர் ஃபேன் ஓடவில்லை, கப்பாசிட்டர் மாற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதையும் இதே மாதிரி எழுதலாம். மெயின் ஆஃப் செய்தீர்களா, கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகு தொட்டீர்களா, மீட்டரில் எவ்வளவு காட்டியது, மேலே எவ்வளவு என்று போட்டிருந்தது, மாற்றிய பிறகு க்ளாம்ப் மீட்டர் வைத்து கரண்ட் பார்த்தீர்களா என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, நான் மேலே எழுதிய பத்தியை அப்படியே எடுத்து அனுப்ப வேண்டாம். போன் செய்து "அந்தக் குழாய் என்ன சைஸ்? சரிவை எப்படிப் பார்த்தாய்?" என்று கேட்டால் செய்தவர்தான் பதில் சொல்ல முடியும். நடந்தது எதுவோ அதையே எழுதுங்கள், சின்ன வேலையாக இருந்தாலும்.

ஐடிஐயிலிருந்து ஓஜேடி என்று வேலையிடப் பயிற்சிக்கு எங்காவது அனுப்பியிருந்தால் அதையும் சேருங்கள். எங்கே, எத்தனை நாள், என்ன வேலை என்று ஒரு வரி போதும். கல்லூரி கேன்டீன் வாட்டர் கூலரைச் சரிசெய்தது, வகுப்பில் டெமோ யூனிட் கட்டியது எல்லாம்கூட வேலைதான்.

இனி வீட்டுக்குள் நடந்துகொள்ளும் விஷயம். "நல்ல தொடர்புத் திறன் உடையவன்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அண்ணனோடு போனபோது என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜெட் பம்ப் அடிக்கும் முன் கட்டிலை, டிவியை ஷீட் போட்டு மூடினீர்களா? காயில் கழுவிய அழுக்குத் தண்ணீர் சுவரில் வழியாமல் கவர் கட்டினீர்களா? முடிந்ததும் தரையைத் துடைத்தீர்களா? அவர் வேறு வேலையில் இருக்கும்போது வாடிக்கையாளர் போனை எடுத்துப் பேசினீர்களா? பில் எழுதினீர்களா? இதில் எது உண்மையோ அதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். கோயம்புத்தூர் என்பதால் மலையாளமோ இந்தியோ கொஞ்சம் பேசுவீர்கள் என்றால் அதையும் போடுங்கள், பயன்படும். ஜாப் கார்டில் ஆங்கிலத்தில் மாடல் நம்பர், சீரியல் நம்பர் பார்த்து எழுதத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அலுவலகத்தில் உட்காருகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. தவறான சீரியல் நம்பரோடு வரும் வாரண்டி பேப்பர் திரும்பி வந்துவிடும்.

அடுத்து நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நான் எண்ணும் ஒரு விஷயம்: எங்கே தங்கப் போகிறீர்கள்? திண்டுக்கல் முகவரி போட்டு வரும் மெயிலைப் பார்த்ததும் எங்களுக்கு வரும் முதல் தயக்கம் இதுதான். அப்ரண்டிஸுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. அதில் ரூம் வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். வெளியூர்ப் பையன்கள் பலர் கணக்குப் பார்க்காமல் சேர்ந்து, ஏப்ரலில் கால் குவியும் நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அதனால் "சிங்காநல்லூரில் அக்கா வீட்டில் தங்குவேன்" என்றோ, "நண்பர்கள் மூன்று பேரோடு அறை பார்த்து வைத்திருக்கிறேன்" என்றோ உண்மையைத் தெளிவாக எழுதினால் பாதித் தயக்கம் போய்விடும். இன்னும் ஏற்பாடு ஆகவில்லை என்றால் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, கியர் வண்டி ஓட்டுவீர்களா, சொந்த பைக் உண்டா என்பதும் இதே பத்தியில் வர வேண்டும். எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால் எல்.எல்.ஆர். என்றே எழுதுங்கள்.

காகிதம். இதைப் பலர் கடைசி வரை விட்டுவிடுகிறார்கள். அப்ரண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி நடப்பது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களில் அவர்கள் விருப்பம். ஐடிஐ முடித்தவர்கள் `apprenticeshipindia.gov.in` என்ற போர்ட்டலில் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒப்பந்தமும் அதன் வழியாகத்தான் போடப்படும். டிப்ளமா படித்தவர்களுக்கு வேறு போர்ட்டல், நீங்கள் அங்கே போக வேண்டாம். மத்திய அரசின் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு தருகிறது. அந்தப் பங்கு நேரடியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் ஐடிஐ சான்றிதழில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடலாம். கம்பெனியில் இதையெல்லாம் பார்க்கும் ஹெச்.ஆர். ஆட்களுக்கு, "போர்ட்டலில் பதிவு செய்துவிட்டேன், பதிவு எண் இது, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு உள்ளது" என்ற ஒரு வரி எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தும் தெரியுமா? சர்வீஸ் மேனேஜருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் சேர்ப்பது அவர்கள்தான்.

ஆதார் நகலையோ வங்கிப் புத்தக நகலையோ மெயிலில் அனுப்ப வேண்டாம். சேரும்போது கேட்டால் கொடுங்கள். பதிவுக் கட்டணம், டெபாசிட், சீருடைக்குப் பணம் என்று முன்கூட்டியே கேட்டால் அது கம்பெனி இல்லை, விலகிவிடுங்கள். உதவித்தொகை எவ்வளவு என்று முதல் மெயிலில் கேட்கவும் வேண்டாம். குறைந்தபட்சத் தொகையை அரசு நிர்ணயித்து அவ்வப்போது திருத்துகிறது, போர்ட்டலில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தருவார்களா என்பதை நேரில் பேசுங்கள். ஆனால் "அப்ரண்டிஸ் ஒப்பந்தம் போர்ட்டலில் போடுவீர்களா?" என்று நேரில் கட்டாயம் கேளுங்கள். விளம்பரத்தில் அப்ரண்டிஸ் என்று போட்டுவிட்டு வெறும் ஹெல்பராக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முடிவில் அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடைக்காது.

சரி, மொழி. விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுங்கள். விளம்பரம் பார்க்காமல் நீங்களாக அனுப்புகிறீர்கள் என்றால் எளிய ஆங்கிலம் நல்லது. கம்பெனியில் மெயில் பல கை மாறும், அதில் தமிழ் படிக்கத் தெரியாதவர் ஒருவர் இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் சென்டர் ஆங்கிலம் வேண்டாம். முதலில் தமிழில் எழுதி முடித்து, பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக நீங்களே மாற்றி, உங்கள் ஐடிஐ ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ஆங்கிலத்தில் சிறு பிழை இருந்தால் ஏசி மெக்கானிக்கை யாரும் ஒதுக்க மாட்டார்கள். கம்பெனி பெயரைத் தவறாக எழுதினால் ஒதுக்குவார்கள். அதைவிட மோசம், ஒரே மெயிலில் இருபது கம்பெனி முகவரியையும் வரிசையாகப் போட்டு அனுப்புவது. அத்தனை பேருக்கும் மற்ற பத்தொன்பது பேரின் முகவரி தெரியும். அதைத் திறக்கும்போதே மனசு விட்டுப்போகும். கம்பெனிக்கு ஒரு மெயில், தனித்தனியாக.

தலைப்பு வரியில் "வேலைக்கு விண்ணப்பம்" என்று மட்டும் போடாமல், ட்ரேடு, முடித்த ஆண்டு, ஊர், சேரக்கூடிய நாள் நாலும் வரட்டும். மொத்த மெயிலும் போன் திரையில் இரண்டு தடவை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். நாங்கள் சைட்டிலிருந்து சைட்டுக்குப் போகும் வழியில் போனில்தான் படிக்கிறோம். அதனால்தான் ஒற்றை வரி எழுதிவிட்டு ரெஸ்யூமைத் திறந்து பார்க்கச் சொல்வது வேலைக்கு ஆகவில்லை. முக்கியமானது மெயிலின் உடம்பிலேயே இருக்க வேண்டும். இணைப்பு ஒரே ஒரு பிடிஎஃப்: ஒரு பக்க ரெஸ்யூம், அதன் பின்னே ஐடிஐ மதிப்பெண் பட்டியலோ சான்றிதழோ. அதன் பெயர் `scan0012.pdf` என்று இருந்தால் எங்கள் போனில் நூறு கோப்புகளுக்கு நடுவே தொலைந்துவிடும். உங்கள் பெயர், ட்ரேடு, ஆண்டு வருகிற மாதிரி பெயர் வையுங்கள். டிரைவ் லிங்க் அனுப்பினால் பாதி நேரம் திறக்காது, அனுமதி கேட்கும். அனுமதி கேட்டு, நீங்கள் கொடுக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும். அடைப்புக்குள் உங்கள் விவரம்:

*தலைப்பு: அப்ரண்டிஸ் – எம்.ஆர்.ஏ.சி. ஐடிஐ (ஆண்டு) – கோவையில் தங்குவேன் – (தேதி) முதல் சேர முடியும்*

*சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,*

*வணக்கம். உங்கள் நிறுவனம் (பகுதி) அலுவலகங்களில் ஏசி பராமரிப்புச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அப்ரண்டிஸாகச் சேர விரும்புகிறேன். திண்டுக்கல் மாவட்ட அரசு ஐடிஐயில் எம்.ஆர்.ஏ.சி. இரண்டு ஆண்டு முடித்துத் தேர்ச்சி பெற்றேன். லீவு நாட்களில் (ஊர்) மெக்கானிக் (பெயர்) அவர்களுடன் வீடுகளுக்கு ஸ்பிளிட் ஏசி வேலைக்குப் போயிருக்கிறேன்.*

*தனியாகச் செய்வது: ஃபில்டர், காயில் வாட்டர் சர்வீஸ், டிரெயின் அடைப்பு எடுப்பது. மெக்கானிக் பார்க்கச் செய்தது: ஃபிளேர் போட்டு பைப் இணைப்பது, வேக்யூம் எடுப்பது. பார்த்தது மட்டும்: கேஸ் சார்ஜிங். பிரேசிங் பட்டறையில் மட்டும் செய்திருக்கிறேன்.*

*(இங்கே நீங்கள் பார்த்த ஒரு கம்ப்ளெயிண்ட், ஐந்தாறு வாக்கியத்தில்.)*

*வேலைக்கு முன் அறையை ஷீட் போட்டு மூடுவதும், முடிந்ததும் சுத்தம் செய்வதும் என் பொறுப்பாக இருந்தது. கியர் வண்டி உரிமம் உள்ளது. கோவையில் (பகுதி)யில் உறவினர் வீட்டில் தங்குவேன். அப்ரண்டிஸ் போர்ட்டல் பதிவு எண் (எண்). ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு உள்ளது.*

*நீங்கள் அழைத்தால் நேரில் வருகிறேன். என் வேலையைப் பற்றி மெக்கானிக் (பெயர், போன்) அவர்களிடம் கேட்கலாம்.*

*(பெயர், போன் நம்பர்)*

முதல் வரியில் கம்பெனியைப் பற்றி ஒரு உண்மையான விவரம் இருப்பதைக் கவனியுங்கள். எந்த பிராண்டுக்கு அவர்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ், வீட்டு ஏசியா, ஆஸ்பத்திரி, ஐடி அலுவலகங்களில் இருக்கும் பெரிய டக்டபிள், சில்லர் வேலையா என்று கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதுங்கள். சில்லர் மட்டும் பார்க்கும் இடத்துக்கு ஸ்பிளிட் டிரெயின் கதை எழுதினால் எடுபடாது. அங்கே பம்ப், வால்வு, மோட்டார் பற்றி ஐடிஐயில் செய்ததை முன்னால் கொண்டுவர வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதற்கு என் கருத்து இது. தமிழ்நாட்டில் மார்ச் முதல் ஜூன் வரை எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அப்போது வரும் மெயிலைப் படிப்பதே கஷ்டம், படித்து எடுத்தாலும் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது, தூக்கிப் பிடிக்கும் வேலைதான் கிடைக்கும். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் அனுப்புங்கள். கால் குறைவாக இருக்கும், சீனியர்கள் பொறுமையாக இருப்பார்கள், கோடைக்குள் உங்களைத் தயார்செய்ய வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கும் இருக்கும்.

அனுப்பி ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை என்றால் அலுவலக நம்பருக்கு ஒரு முறை போன் செய்து, "அப்ரண்டிஸ் மெயில் அனுப்பியிருந்தேன், சர்வீஸ் மேனேஜர் பார்த்தாரா?" என்று கேளுங்கள். காலையில் பத்து மணிக்குள் செய்யாதீர்கள், அப்போதுதான் டெக்னீஷியன்களுக்கு அன்றைய கால்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்போம். மதியம் மூன்று மணி வாக்கில் பேசலாம். மெயில் அனுப்பும் முன்பே மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். தெரியாத நம்பரிலிருந்து அவருக்கு அழைப்பு வரும், "இந்தப் பையன் டிரெயின் அடைப்புத் தனியாக எடுப்பானா?" என்று கேட்பார்கள்.